டெலிவரி சார்ஜ் பில்லில் இரண்டு தடவை ஏறியிருந்தால் சப்ளையருக்கு எப்படி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே ஒரு பில்லை வைத்து எழுதியவை. மதுரையில் ஒரு ஹார்டுவேர் கடை, கோவையில் உள்ள மொத்த வியாபாரியிடம் 120 பிவிசி பைப் வாங்குகிறது. பைப் ஒன்றுக்கு ரூ. 600, டெலிவரி தனியாக ரூ. 2,400, எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18%. வரவேண்டிய பில் ரூ. 87,792. கைக்கு வந்த பில் ரூ. 90,624. பில் எண் 417, தேதி 06.11.2025, கெடு 30 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

பில் தொகை நான் போட்ட கணக்கைவிடக் கூடுதலா இருக்கு. டெலிவரிதான் இரண்டு தடவை ஏறியிருக்குன்னு எப்படி உறுதி பண்றது?

வித்தியாசத்தை எடுத்து 1.18 ஆல் வகுத்துப் பாருங்கள். இங்கே 90,624க்கும் 87,792க்கும் இடையே ரூ. 2,832. அதை 1.18 ஆல் வகுத்தால் சரியாக 2,400 வரும். டெலிவரித் தொகை ரூபாய் பிசகாமல் அப்படியே வந்து நின்றால் சந்தேகம் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. ரேட் வித்தியாசமோ எண்ணிக்கைத் தவறோ இருந்தால் விடை இவ்வளவு துல்லியமாக டெலிவரித் தொகையில் போய் உட்காருவது அபூர்வம். ஆனால் இந்தப் பில்லில் ரேட் 20 ரூபாய் கூடினாலோ 4 பைப் கூடினாலோ இதே 2,400 வரும், அதனால் அந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பைப் 18% என்பதால் 1.18, 5% பொருளாக இருந்தால் 1.05 ஆல் வகுக்க வேண்டும்.

அடுத்து பில்லை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படியுங்கள். பெரும்பாலும் டெலிவரி முதலில் பொருள் பட்டியலுக்குள்ளேயே பைப்புக்குக் கீழே ஒரு வரிசையாக இருக்கும். பட்டியல் முடிந்து வரி தொடங்கும் முன் ‘ஃபிரெய்ட்’ அல்லது ‘வண்டி வாடகை’ என்று வேறொரு பெயரில் இன்னொரு தடவை வரும். பில் போடும் மென்பொருளில் இது சுலபமாக நடக்கிற தவறு. டெலிவரியை ஒருவர் பொருளாகப் பதிகிறார், கீழே செலவு லெட்ஜர் பழைய பில்லிலிருந்து தானாக ஒட்டிக்கொண்டு வருகிறது. பெயர் வேறாக இருப்பதால் பில் போட்டவர் கண்ணிலும் படுவதில்லை.

கூடுதல் 2,400 தானே? கடிதத்தில் அதை எழுதினா போதும்தானே?

போதாது. இந்தக் கடிதங்களில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். டெலிவரி ரூ. 2,400 இரண்டாவது தடவை சேர்ந்தபோது அதன் மேல் 18% வரியும் சேர்ந்துவிட்டது. 2,400க்கு வரி ரூ. 432. ஆக உங்களிடம் கூடுதலாகக் கேட்டிருப்பது ரூ. 2,832.

பில்லில் இப்போது வரிக்கு முந்தைய மதிப்பு 72,000 + 2,400 + 2,400 = 76,800. அதற்கு மத்திய ஜிஎஸ்டி 6,912, மாநில ஜிஎஸ்டி 6,912. சரியான மதிப்பு 74,400. வரி இரண்டும் தலா 6,696. கடிதத்தில் 2,400 என்று மட்டும் எழுதினால் சப்ளையரின் கணக்கர் அந்தத் தொகைக்கு மட்டும் வரவு போட்டு முடித்துவிடுவார். அவர் மேல் தப்பு இல்லை, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். மீதி 432க்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டிவரும்.

வண்டி வாடகைக்கு ஜிஎஸ்டி 5% தானே? அப்போ வரி 120 தானே வரணும்?

லாரி கம்பெனி தனியாகப் பில் போட்டால்தான் அந்தக் கணக்கு. பொருளை விற்பவரே கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பையும் ஏற்று ஒரே பில்லில் கேட்டால், டெலிவரித் தொகை பொருளின் மதிப்போடு சேர்ந்துவிடும். பொருளுக்கு என்ன வரியோ அதுவே இதற்கும். எனவே 18% போட்டது சரி. வரி விகிதத்தைப் பற்றிய வாதத்தைக் கடிதத்தில் நுழைக்காதீர்கள். சரியான புகாருக்குள் ஒரு தவறான புகார் கலந்தால், சப்ளையர் தவறானதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்.

எங்களுக்கு டெலிவரி ஒரே ஒரு வரிசையில்தான் இருக்கு. ஆனா ரேட்டே ‘கடை வந்து சேர’ன்னு பேசினது. இதுவும் இரட்டைக் கணக்கா?

ஆம். முந்தையதைவிட இது நுட்பமானது. அதே பைப்புக்குக் கோவை கோடவுன் விலை 600, மதுரை வந்து சேர 620 என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். அந்த 20 ரூபாய்தான் டெலிவரி. 120 பைப்புக்கு ரூ. 2,400. பில்லில் 620 ரேட்டும் போட்டு, கீழே டெலிவரி 2,400ம் போட்டால் மதிப்பு மறுபடி 76,800க்கே வந்து நிற்கும். கூடுதல் தொகையும் அதே 2,832.

வித்தியாசம் சாட்சியில்தான். டெலிவரி இரண்டு வரிசையாக இருக்கும் பில் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடும். வேறு காகிதம் தேவையில்லை. ரேட்டுக்குள் ஒளிந்திருக்கும் டெலிவரியைப் பில்லை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. ‘வந்து சேர’, ‘எஃப்ஓஆர்’, ‘டெலிவரி உட்பட’ என்ற வார்த்தை உள்ள கொட்டேஷனோ, நீங்கள் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டரோ, ரேட் பேசிய வாட்ஸ்அப் செய்தியோ கையில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால், அதே சப்ளையரின் முந்தைய இரண்டு பில்களைத் தேடுங்கள். அவற்றில் 620 ரேட்டும் இருந்து, டெலிவரி வரிசை இல்லாமலும் இருந்தால், 620க்குள் டெலிவரி அடக்கம் என்பதற்கு அதுவே நல்ல ஆதாரம்.

லாரி டிரைவருக்கு வாடகையைக் கையிலேயே கொடுத்துட்டோம். பில்லிலும் டெலிவரி இருக்கு.

லாரி ரசீதைப் பாருங்கள். ‘டு பே’ என்று இருந்தால் வாடகை இறங்கும் இடத்தில் கொடுக்க வேண்டியது. சப்ளையர் பில்லில் அது வரவே கூடாது. அப்போது பில்லில் உள்ள டெலிவரியை வரியோடு திருப்பிக் கேளுங்கள். ‘பெய்ட்’ என்று இருந்தால் சப்ளையர் ஏற்கெனவே லாரிக்குக் கட்டிவிட்டார். உங்களிடம் டிரைவர் வாங்கியது தவறு. அந்தப் பணத்தை லாரி புக்கிங் ஆபீஸில்தான் கேட்க வேண்டும், பில்லில் பிழை இல்லை. இறக்குக் கூலி கொடுத்ததை வண்டி வாடகையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. கூலி வேறு, வாடகை வேறு. பேசும்போது இறக்குக் கூலி யார் பொறுப்பு என்று தனியாகச் சொல்லியிருந்தால் மட்டும் அதைக் கிளப்புங்கள்.

கடிதத்தை எப்படி எழுதணும்? ஒரு மாதிரி கொடுங்க.

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. படிப்பவர் பெரும்பாலும் முதலாளி இல்லை, கணக்கர். அவர் பில்லைத் திறந்து, கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, கால்குலேட்டரில் மூன்று தட்டு தட்டி ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

> பெறுநர்: கணக்குப் பிரிவு, (சப்ளையர் பெயர், ஊர்)
> நாள்: 10.11.2025
>
> பொருள்: பில் எண் 417, நாள் 06.11.2025. டெலிவரி கட்டணம் இருமுறை சேர்ந்தது, ரூ. 2,832க்குக் கிரெடிட் நோட் வேண்டுதல்.
>
> ஐயா,
>
> மேற்கண்ட பில்லில் உள்ள 120 பிவிசி பைப்புகளும் 07.11.2025 அன்று குறைவின்றி வந்து சேர்ந்தன. சரக்கில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.
>
> பில்லின் பொருள் பட்டியலில் 2ஆம் வரிசையில் ‘டெலிவரி சார்ஜ்’ ரூ. 2,400 உள்ளது. பட்டியலுக்குக் கீழே ‘ஃபிரெய்ட்’ என்று அதே ரூ. 2,400 மீண்டும் சேர்க்கப்பட்டுள்ளது. சரக்கு ஒரே வண்டியில், ஒரே தடவையில் வந்தது. எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரிலும் டெலிவரி ரூ. 2,400 ஒருமுறைதான்.
>
> பில்லின்படி: மதிப்பு 76,800, ஜிஎஸ்டி 13,824, மொத்தம் 90,624
> சரியானது: மதிப்பு 74,400, ஜிஎஸ்டி 13,392, மொத்தம் 87,792
> கூடுதல்: மதிப்பு 2,400, ஜிஎஸ்டி 432, மொத்தம் 2,832
>
> பில் எண் 417ஐக் குறிப்பிட்டு, மதிப்பு ரூ. 2,400, மத்திய ஜிஎஸ்டி ரூ. 216, மாநில ஜிஎஸ்டி ரூ. 216 என ரூ. 2,832க்கு ஜிஎஸ்டி கிரெடிட் நோட் 25.11.2025க்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.
>
> பிரச்சினை இல்லாத ரூ. 87,792ஐக் கெடு தேதியான 06.12.2025க்குள் செலுத்திவிடுவோம்.
>
> இணைப்பு: பில் நகல், பர்ச்சேஸ் ஆர்டர் நகல், லாரி ரசீது நகல்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கடை முத்திரை, ஜிஎஸ்டி எண், தொலைபேசி)

சரக்கில் குறை இல்லை என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அது மரியாதைக்காக எழுதியது இல்லை. பில் தகராறு என்று தலைப்பைப் பார்த்ததும் சரக்கு உடைந்ததோ, எண்ணிக்கை குறைந்ததோ என்று கோடவுனுக்குக் கடிதம் திருப்பிவிடப்படும். அங்கே ஒரு வாரம் கிடக்கும். அந்த ஒரு வரி கடிதத்தைக் கணக்கர் மேசையிலேயே நிறுத்திவிடும்.

‘ஏமாற்று’, ‘வேண்டுமென்றே’ போன்ற சொற்கள் வேண்டாம். பில்லை அச்சடித்து இரண்டு 2,400ஐயும் சிவப்பு மையால் வட்டமிட்டு இணைத்தால், அந்தச் சொற்களைவிடச் சீக்கிரம் வேலை நடக்கும்.

வாட்ஸ்அப்பில் சொன்னா பத்தாதா? அவங்களோட பத்து வருஷப் பழக்கம்.

முதலில் போன் செய்து சொல்லிவிடுங்கள், ‘அண்ணே, 417ல டெலிவரி ரெண்டு தடவை விழுந்திருக்கு, லெட்டர் அனுப்புறேன்’ என்று. பழக்கத்துக்கு அது போதும். கடிதம் பழக்கத்துக்காக இல்லை, இரண்டு பக்க ஆடிட்டருக்காக. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் கையெழுத்திட்ட கடிதத்தையே பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். இமெயில் இருந்தால் அதிலும் ஒரு பிரதி. குரல் செய்தியை நம்ப வேண்டாம்.

தகராறு முடியுற வரைக்கும் மொத்தப் பணத்தையும் நிறுத்தி வைக்கலாமா?

வேண்டாம். 2,832 ரூபாய்க்காக 87,792ஐ நிறுத்தினால் நியாயம் கைமாறிவிடும். இனி பேச்சு அவருடைய பிழையைப் பற்றி இருக்காது, உங்கள் பாக்கியைப் பற்றி இருக்கும்.

சட்டப்படியும் ஆபத்து உண்டு. சப்ளையர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. எழுத்தில் ஆட்சேபித்தால் அந்த நாள் கணக்கு தள்ளிப்போகும் என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் அது சரக்கை ஏற்பது பற்றிய ஆட்சேபம், அதுவும் வந்த 15 நாளுக்குள் எழுதியது. உங்கள் கடிதமோ சரக்கு சரி என்றே சொல்கிறது. எனவே கெடுவுக்குள் 87,792ஐக் கட்டிவிட்டு, பரிமாற்றக் குறிப்பில் ‘பில் 417, 2,832 நீங்கலாக’ என்று எழுதுங்கள்.

‘பில்லைக் கிழிச்சுப் போடுங்க, புது பில் தர்றேன்’னு சப்ளையர் சொல்றார். வாங்கிக்கலாமா?

அன்றைய தினமே கண்டுபிடித்திருந்தால் வழி உண்டு. ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் உள்ள சப்ளையர் இ-இன்வாய்ஸ் போட வேண்டும். அதை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். நேரம் தாண்டினால் அந்தத் தளத்தில் ரத்து செய்ய முடியாது.

நாள் கடந்த பிறகு அதே 417ஆம் எண்ணில் வேறு தொகையோடு இன்னொரு பில் வந்தால் வாங்காதீர்கள். அவர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ல் ஏற்றியது ஒன்றும், உங்கள் கோப்பில் இருப்பது வேறொன்றுமாக ஆகிவிடும். ஜிஎஸ்டி சட்டம் சொல்லும் ‘திருத்திய பில்’ பதிவு கிடைக்கும் முன் நடந்த விற்பனைக்கானது. இந்த மாதிரிப் பிழைக்கு அது வழி இல்லை. மதிப்போ வரியோ கூடுதலாகப் போட்டால் அதைக் குறைக்கச் சட்டம் வைத்திருக்கும் காகிதம் கிரெடிட் நோட்.

நாங்களே ஒரு டெபிட் நோட் போட்டு அனுப்பிட்டா?

உங்கள் லெட்ஜரில் 2,832ஐக் காட்டிக்கொள்ள அது உதவும். ஜிஎஸ்டியில் அதற்கு மதிப்பு இல்லை. சட்டப்படி கிரெடிட் நோட்டோ டெபிட் நோட்டோ விற்றவர்தான் போட வேண்டும். டெபிட் நோட் அனுப்புவதானால் கடிதத்தின் இணைப்பாக அனுப்புங்கள், கடிதத்துக்குப் பதிலாக வேண்டாம்.

‘அடுத்த பில்லில் கழிச்சுக்கறேன்’னு சொல்றாங்க. அது ஓகேவா?

பணம் திரும்பிவிடும், வரிக் கணக்கு கோணலாகும். அடுத்த பில்லில் தள்ளுபடி என்று 2,400 கழித்தால் அந்த பில்லின் வரி குறையும்; 417ன் பிழை அப்படியே நிற்கும். ஆறு மாதம் கழித்து லெட்ஜர் ஒப்பிடும்போது, எதற்காக இந்தத் தள்ளுபடி என்று இரண்டு பக்கமும் யாருக்கும் நினைவிருக்காது.

இன்னொரு வகை, வரி காட்டாமல் 2,400க்கு மட்டும் ‘கணக்கு வரவு’ போட்டுத் தருவது. நீங்கள் வரி உள்ளீட்டை எடுத்துக்கொள்ளும் வியாபாரி என்றால் 432 உடனே உங்கள் பையிலிருந்து போகாது. ஆனால் நடக்காத டெலிவரிக்கு வரி எடுத்ததாகக் கேள்வி வரலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கோ, சொந்த வீட்டுக்கு வாங்கியவருக்கோ 432 நேரடி நஷ்டம். எப்படியானாலும் வரியோடு சேர்த்த கிரெடிட் நோட்டைக் கேளுங்கள். வந்ததும் அதில் 417 என்ற எண்ணும் 06.11.2025 என்ற தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். தொகையைப் பிறகு சரிபார்க்கலாம்.

இந்த மாச ரிட்டர்னில் எவ்வளவு உள்ளீட்டு வரி எடுக்கணும்?

கடிதத்தில் 25.11.2025 என்று கெடு வைத்ததற்குக் காரணம் இதுதான். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் சப்ளையர் கிரெடிட் நோட்டை நவம்பர் தேதியிலேயே போட்டால், பில்லும் நோட்டும் ஒரே ஜிஎஸ்டிஆர்-1ல் டிசம்பர் 11க்குள் ஏறும். உங்களுக்கு வர வேண்டிய உள்ளீட்டு வரியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி 14ஆம் தேதி வரும், அதில் 13,824ம் கழிவு 432ம் சேர்ந்தே தெரியும். நிகரம் 13,392. வேலை முடிந்தது.

நோட் வர ஒரு மாதம் தள்ளினால் முதல் மாதம் 2பியில் முழு 13,824 நிற்கும். அதில் 432ஐ எடுக்காமல் விடுவது பாதுகாப்பு. ஆனால் அடுத்த மாதம் நோட் வரும்போது 2பி அந்த 432ஐத் தானாகக் கழிக்கும். ஏற்கெனவே விட்டதைச் சரிசெய்யாவிட்டால் இரண்டு தடவை கழித்தவர் ஆவீர்கள். இரட்டை டெலிவரிக்காகக் கடிதம் எழுதிவிட்டு, இரட்டைக் கழிவில் விழுந்தவர்கள் குறைவில்லை. 432ஐ விட்ட மாதத்தை பில்லின் மேலேயே பென்சிலில் குறித்துவையுங்கள், ஆடிட்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

போர்ட்டலில் பில்களை ஏற்கும் பக்கத்தில் 417ஐ ‘நிராகரி’ என்று தட்டிவிடாதீர்கள். நிராகரித்தால் மொத்தப் பில்லின் வரி 13,824ம் உங்கள் 2பியிலிருந்து போய்விடும். பில்லை ஏற்று, வரும் கிரெடிட் நோட்டையும் ஏற்பதே முறை. நீங்கள் அந்த வரியைத் திருப்பிய பிறகுதான் சப்ளையர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள முடியும். அதனால் அவர் உறுதிக் கடிதம் கேட்டால் சந்தேகப்படாமல் கொடுங்கள்.

முழுத் தொகையும் கட்டி மாசம் நாலாச்சு. இப்பத்தான் கவனிச்சோம்.

தவறுதலாகக் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவே சொல்கிறது. கட்டிவிட்டதால் உரிமை போய்விடாது. கடிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் மாற்றுங்கள்: பணம் கட்டிய தேதி, பரிமாற்ற எண், 2,832ஐ வங்கியில் திருப்ப வேண்டுமா, லெட்ஜரில் வரவாக வைக்க வேண்டுமா என்பது.

வரிக்கு ஒரு காலக்கெடு உண்டு. 2025-26 ஆண்டின் பில்லுக்கான கிரெடிட் நோட்டை சப்ளையர் 30.11.2026க்குள், அல்லது அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அந்தத் தேதிக்குள், ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். அதன் பிறகு அவரால் 432ஐ அரசிடமிருந்து மீட்க முடியாது. தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதால் அங்கேதான் மறுப்பு தொடங்கும்.

‘வண்டி ரெண்டு ட்ரிப் அடிச்சது, அதான் ரெண்டு தடவை’ன்னு பதில் வந்திருக்கு.

இரண்டு டெலிவரி சலான் கேளுங்கள், தேதியோடும் வண்டி எண்ணோடும். உண்மையாகவே 70 பைப் ஒரு நாள், 50 பைப் மறுநாள் வந்திருந்தால், அடுத்த கேள்வி யாருக்காகப் பிரித்தார்கள் என்பது. சரக்கு இருப்பில் இல்லாமல் அவர்கள் பிரித்திருந்தால் இரண்டாம் வாடகை அவர்கள் பாடு. உங்கள் கடையில் இடமில்லை, பாதியை நாளை அனுப்புங்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்த 2,400 நியாயமானது; கடிதத்தைத் திரும்பப் பெற்று, நிறுத்தி வைத்த 2,832ஐக் கட்டிவிடுங்கள். சலான் ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் பிடிவாதம் தளரவில்லை என்றால், உங்கள் கடை சரக்கு வரவு ஏட்டின் 07.11.2025 பக்கத்தை நகலெடுத்து இரண்டாம் கடிதத்தோடு வையுங்கள். 120 பைப்பும் ஒரே பதிவில், ஒரே வண்டி எண்ணில், டிரைவர் கையெழுத்தோடு இருக்கும்.

ஒவ்வொரு பில்லிலும் இதே தப்பு வருது. ஒவ்வொரு தடவையும் லெட்டரா?

இரண்டாவது தடவையே நேரில் போய் அவர்கள் பில் போடும் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கடைக்கான பில்லைப் பழைய பில்லிலிருந்து நகலெடுத்துத் தொடங்குகிறார்கள் என்றால், கீழே உள்ள ‘ஃபிரெய்ட்’ லெட்ஜர் ஒவ்வொரு தடவையும் கூடவே வரும். அந்த வரிசையை நீக்கி ஒரு பில்லைப் புதிதாகப் போட்டு, அதை வைத்து நகலெடுக்கச் சொன்னால் தீரும். உங்கள் பக்கத்தில் பர்ச்சேஸ் ஆர்டரில் ‘டெலிவரி ரூ. 2,400, ஒரு வரிசையாக மட்டும்’ என்று எழுதத் தொடங்குங்கள். ஏற்கெனவே வந்த தவறான பில்களுக்கு ஒரே கடிதம் போதும். ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் எண், தேதி, மதிப்பு, வரி தனித்தனியாக எழுத வேண்டும். மொத்தமாக ஒரு தொகையைக் கேட்டால் எந்த பில்லுக்கு எவ்வளவு என்று கேட்டுக் கடிதம் திரும்பி வரும்.